அடைமழை வாரத்திலும் அணையாத சோலார் தெருவிளக்கு: வாட் முதல் பேட்டரி வரை கணக்குப் போடும் முறை

வேதாரண்யம் பக்கம் ஒரு கிராமத் தெருவுக்கு நாங்கள் முதன்முதலில் போட்ட சோலார் விளக்குகள் கோடை முழுக்க ஒரு குறையும் இல்லாமல் எரிந்தன. ஐப்பசியில் மழை பிடித்தது. நாலாம் நாள் இரவே ஒவ்வொன்றாக அணைந்தன. மழை விட்டு வெயில் வந்த பிறகும் பத்து நாளுக்கு மேல் இரவு எட்டு மணியைத் தாண்டவில்லை. பேட்டரிதான் சிறியது என்று நினைத்து, இரண்டு கம்பங்களில் பெரிய பேட்டரி மாற்றிப் பார்த்தோம். அடுத்த மழையில் அவை இரண்டும் ஒரு நாள் கூடுதலாக எரிந்துவிட்டு, அதே மாதிரி படுத்துக்கொண்டன. உண்மையான குறை பேனலில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு மழைக்காலம் போனது.

அதே தெருவுக்குப் பிறகு போட்ட கணக்கைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உங்கள் ஊருக்கு எண்கள் மாறும். கணக்கின் வரிசை மாறாது.

## 1. தெரு எவ்வளவு வெளிச்சம் கேட்கிறது?

எங்கள் தெரு 4 மீட்டர் அகலம். ஆட்களும் சைக்கிளும் டூவீலரும் போகிற தெரு, லாரி வராது. கம்பம் 5 மீட்டர் உயரம், கம்பத்துக்குக் கம்பம் 25 மீட்டர். அதாவது ஒரு விளக்கின் பொறுப்பில் 100 சதுர மீட்டர் தரை.

நல்ல எல்இடி தெருவிளக்கு ஒரு வாட்டுக்குச் சுமார் 110 லூமன் தரும். 12 வாட் விளக்கு என்றால் ஏறக்குறைய 1,300 லூமன். அதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் தெருவில் விழும். மீதி வேலிக்கும் வீட்டுச் சுவருக்கும் போய்விடும். 45 சதவீதம் என்று வைத்தால் தரையில் ஒரு சதுர மீட்டருக்குச் சராசரியாக 6 லூமன், அதாவது 6 லக்ஸ் கிடைக்கிறது. பௌர்ணமி நிலா தருவது அரை லக்ஸ்கூட இல்லை. அதோடு ஒப்பிட்டால், எதிரே வருபவர் முகமும் தரையில் நெளியும் பாம்பும் தெரிய 6 லக்ஸ் போதும். 20 வாட், 30 வாட் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, வாட்டைக் கூட்டினால் பேனல், பேட்டரி, கம்பம் எல்லாமே அதே விகிதத்தில் பெரிதாகும் என்பதுதான். முதலில் கம்பங்களின் இடைவெளியைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்.

விளக்கின் மேல் ஒட்டியிருக்கும் வாட்டை நம்பிவிடாதீர்கள். ஒரே பெட்டிக்குள் எல்லாம் அடங்கிய மலிவு விளக்குகளில் '60 வாட்' என்று அச்சடித்திருப்பதைக் கழற்றி அளந்தபோது 8 வாட்தான் இழுத்தது. அளப்பது எளிது. விளக்கு முழு வெளிச்சத்தில் எரியும்போது பேட்டரி முனையில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்துப் பெருக்க வேண்டும். எங்கள் விளக்கில் 13.1 வோல்ட், 1.02 ஆம்பியர், அதாவது 13.4 வாட். எல்இடி எடுப்பது 12, மீதி எல்இடிக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவரில் சூடாகப் போகிறது. கணக்குக்கு இந்த 13.4 தான் வேண்டும். பேட்டரிக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

## 2. எத்தனை மணி நேரம், எந்த வெளிச்சத்தில்?

எங்கள் பக்கம் மார்கழி இரவு சுமார் பன்னிரண்டரை மணி நேரம். அந்திக்கும் விடியலுக்கும் நடுவே விளக்கு 12 மணி நேரம் எரிய வேண்டும். இரவு நீளமாக இருக்கும் மாதமும் வெயில் குறைவாக இருக்கும் மாதமும் ஒன்றாக வருவதால், கணக்கை அந்த மாதத்துக்கே போட வேண்டும். ஆண்டுச் சராசரி வைத்துப் போட்டது நாங்கள் முதலில் செய்த தவறுகளில் ஒன்று.

இரவு முழுக்க முழு வெளிச்சம் தேவையா என்பதைத் தெருவில் இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். இந்தத் தெருவில் மல்லிகைப் பூ பறிக்கப் போகிறவர்கள் அதிகம். பெண்கள் நாலரை மணிக்கெல்லாம் கொல்லைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஒரு அக்கா சொன்னார்: "ராத்திரி பத்து மணிக்கு மேல எரிஞ்சா என்ன, எரியாட்டி என்ன தம்பி? நாங்க கிளம்புற நேரத்துல கண்ணு தெரியணும்." பேனல், பேட்டரி, விளக்கு மூன்றுக்கும் நடுவே இருந்து சார்ஜையும் வெளிச்சத்தையும் கவனிப்பது கன்ட்ரோலர். வழக்கமாக அதில் வரும் அமைப்பு, மாலையில் முழு வெளிச்சம், பிறகு விடியும்வரை மங்கல் என்பது. அது இந்தத் தெருவுக்குப் பொருந்தாது. நாங்கள் இப்படிப் பிரித்தோம்: மாலை மூன்றரை மணி நேரம் முழு வெளிச்சம், நடுவில் ஏழு மணி நேரம் 40 சதவீதம், விடியலுக்கு முன் ஒன்றரை மணி நேரம் மறுபடி முழு வெளிச்சம்.

```
முழு வெளிச்சம்   : 12 வாட் × 5 மணி         = 60 வாட்-மணி
மங்கல்           : 12 வாட் × 0.4 × 7 மணி   = 33.6 வாட்-மணி
டிரைவர் இழப்புடன் : 93.6 ÷ 0.9              = 104, கணக்குக்கு 105
```

மங்கல் இல்லாமல் இரவு முழுக்க எரித்தால் இதுவே 160 ஆகும். மங்கல் வைத்ததில் செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது, ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல்.

## 3. பேனலை முதலில் முடிவு செய்யுங்கள்

பலரும் பேட்டரியில் தொடங்குவார்கள். பேனலில் தொடங்குங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு நாளின் வெயிலை 'முழு வெயில் மணி' என்று அளப்பார்கள். காலையும் மாலையும் வரும் இளவெயிலையெல்லாம் சேர்த்துச் சுருக்கினால் எத்தனை மணி நேர உச்சி வெயிலுக்குச் சமம் என்பதே அது. எங்கள் கடற்கரையில் சித்திரையில் 6 வரை வரும். கார்த்திகையில் மழையில்லாத நாளுக்கு 4 என்று வைத்துக்கொள்ளலாம். அதிலும் சூடு, தூசி, ஒயர், கன்ட்ரோலர், பேட்டரி என்று ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டது போக, பேனலை அது அதிகம் தரும் வோல்ட்டிலேயே ஓட்டும் எம்பிபிடி கன்ட்ரோலர் இருந்தால் 70 சதவீதம் நம் கைக்கு வரும். மலிவான பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் பேனலின் 18 வோல்ட்டைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்து இறக்கிவிடும். இடையில் உள்ள வோல்ட் அப்படியே வீண். அதில் 60 சதவீதத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் முதல் பேனல் 40 வாட். கார்த்திகை வெயில் நாளில் அது தருவது 40 × 4 × 0.7 = 112 வாட்-மணி. இரவுச் செலவு 105. கையில் மிஞ்சுவது 7. மழையில் பேட்டரி 280 வாட்-மணி காலியாகியிருந்தால், அது நிரம்ப 40 வெயில் நாள் வேண்டும். அதற்குள் அடுத்த காற்றழுத்தத் தாழ்வு வந்துவிடும். மழை விட்ட பிறகும் விளக்கு எட்டு மணிக்கு அணைந்ததன் மர்மம் இதுதான். பெரிய பேட்டரி போட்டது காலிப் பானையை அண்டாவாக மாற்றியதற்குச் சமம். குழாய் அதே பழைய குழாய்.

75 வாட் பேனல் என்றால் 75 × 4 × 0.7 = 210. இரவுச் செலவின் இரு மடங்கு. ஒவ்வொரு வெயில் நாளும் 105 மிச்சம், அதே 280 மூன்றே நாளில் நிரம்பும். நான் பிடித்துக்கொண்ட விதி இது: மழைக்காலத்து வெயில் நாளில் பேனல் தருவது, ஓர் இரவின் செலவைப் போல இரு மடங்கு இருக்க வேண்டும். மேகம் மூடிய நாளிலும் பெரிய பேனல் கொஞ்சமாவது தரும் என்பது கூடுதல் லாபம்.

பேனலின் திசை தெற்கு. சாய்வு 25 டிகிரி அளவில் இருக்கட்டும். மார்கழியில் நண்பகல் சூரியன் எங்கள் தலைக்கு மேலிருந்து 34 டிகிரி தெற்கே இறங்கி நிற்கும். அதைப் பார்த்து நிற்கத்தான் இந்தச் சாய்வு. மழைத் தண்ணீர் காக்கை எச்சத்தைக் கழுவிக்கொண்டு ஓடவும் அது உதவும்.

தென்னைமரம் இருக்கும் ஊர்களில் ஒரு பெரிய ஏமாற்று உண்டு. கம்பம் நடுவதற்கு இடம் பார்ப்பது பெரும்பாலும் வைகாசியில். அப்போது நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருப்பதால், தெற்கே நிற்கும் தென்னையின் நிழல் பேனல் பக்கமே வராது. மார்கழியில் அதே தென்னை 12 மீட்டர் உயரம் என்றால், நண்பகலிலேயே 5 மீட்டர் உயரப் பேனலின் மட்டத்தில் நாலைந்து மீட்டர் வடக்கு நோக்கி நிழல் விழும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம். ஒற்றை மட்டையின் நிழல் குறுக்கே விழுந்தால்கூடப் பேனலின் உற்பத்தி பாதியாகிவிடலாம், ஏனென்றால் உள்ளே இருக்கும் செல்கள் எல்லாம் வரிசையாகக் கோத்தவை. ஆகவே தெற்குப் பக்கத்து மரங்களை வைகாசியிலேயே குறித்துக்கொண்டு கம்பத்தைத் தள்ளி நடுங்கள்.

## 4. பேட்டரி: மழை வாரத்தை நாள்நாளாக நடத்திப் பார்ப்பது

ஏழு நாள் மழைக்கு ஏழு இரவுப் பேட்டரி வேண்டும் என்று நினைக்க வேண்டாம். அடைமழை நாளிலும் அரை மணி, ஒரு மணி முழு வெயிலுக்குச் சமமான ஒளி மேகத்தைத் தாண்டி வரத்தான் செய்யும். முதலில் மூன்று இரவுக்கு என்று வைத்துக்கொள்வோம்: 315 வாட்-மணி. லித்தியம் பெரோ பாஸ்பேட் பேட்டரியை அடிவரை காலி செய்யக் கூடாது, 20 சதவீதம் விட்டுவைக்க வேண்டும். அதனால் 315 ÷ 0.8 = 394. சந்தையில் கிடைக்கும் 12.8 வோல்ட், 30 ஆம்பியர்-மணி பேட்டரி 384 வாட்-மணி, கிட்டத்தட்டச் சரி.

இதை ஒரு மோசமான வாரத்தில் ஓட்டிப் பார்ப்போம். 75 வாட் பேனல் ஒரு முழு வெயில் மணிக்கு 52.5 வாட்-மணி தரும். முந்தைய நாள் மாலை பேட்டரி முழுசாக இருந்தது. அந்த இரவு 105 போய், முதல் நாள் விடியலில் 279. பேட்டரி பாதிக்குக் கீழே, அதாவது 192-க்குக் கீழே இருக்கும் மாலைகளில் விளக்கு எல்லா நேரத்திலும் தன் வழக்கமான வெளிச்சத்தில் பாதிதான் தரும் என்று கன்ட்ரோலரில் ஒரு விதி வைத்திருக்கிறோம்.

| நாள் | வெயில் மணி | பேனல் தந்தது | மாலை இருப்பு | இரவுச் செலவு | மறுநாள் விடியல் |
|---|---|---|---|---|---|
| 1 | 2.0 | 105 | 384 | 105 | 279 |
| 2 | 0.8 | 42 | 321 | 105 | 216 |
| 3 | 0.5 | 26 | 242 | 105 | 137 |
| 4 | 1.0 | 52 | 189 | 52 | 137 |
| 5 | 0.8 | 42 | 179 | 52 | 127 |
| 6 | 1.5 | 79 | 206 | 105 | 101 |
| 7 | 2.0 | 105 | 206 | 105 | 101 |

விட்டுவைக்க வேண்டிய 20 சதவீதம் 77. ஒரு நாளும் அதைத் தொடவில்லை. இரண்டே இரவுகள் தெரு மங்கலாக இருந்தது, இருட்டாக இல்லை.

அந்தப் பாதி விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் ஓட்டிப் பார்த்தேன். ஐந்தாம் நாள் மாலை இருப்பு 126. இரவு பத்து மணிவாக்கில் 77-ஐத் தொட்டு விளக்கு அணையும். ஆறாம் இரவு நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அணையும், பூப்பறிக்கப் போகிறவர்கள் கதவைத் திறக்கும் நேரத்தில். மழை வாரத்தைக் கடக்க வைத்தது பேட்டரியைவிட அந்த விதிதான்.

ஆனால் இந்த 384 பேட்டரி வாங்கிய அன்று இருக்க வேண்டிய அளவு அல்ல, ஐந்தாம் ஆண்டிலும் மிச்சம் இருக்க வேண்டிய அளவு. சூட்டிலும் வயதிலும் கால் பங்கு போகும் என்று எடுத்துக்கொண்டு, 512 வாட்-மணியாக, அதாவது 12.8 வோல்ட், 40 ஆம்பியர்-மணியாக வாங்கினோம். எடையையும் பாருங்கள். இந்த அளவு பேட்டரி சுமார் 5 கிலோ இருக்கும். 2 கிலோ, இரண்டரை கிலோவில் ஒருவர் '40 ஆம்பியர்' என்று நீட்டினால் வாங்காதீர்கள்.

ஈய-அமில டியூபுலர் பேட்டரி போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் பாதிக்குமேல் காலி செய்யக் கூடாது என்பதால் 12 வோல்ட், 75 ஆம்பியர்-மணி வேண்டியிருக்கும். அரைகுறை சார்ஜில் வாரக்கணக்கில் நின்றால் அதன் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டுப்போகும், மழைக்காலம் அதற்குக் கொடுப்பது அந்த அரைகுறை சார்ஜைத்தான். அதனால் நான் லித்தியம் பக்கம் வந்துவிட்டேன்.

## 5. கன்ட்ரோலருக்கு மழையை எப்படிப் புரியவைப்பது?

லித்தியம் பெரோ பாஸ்பேட் பேட்டரியின் வோல்ட் பெரிதாக மாறாது. முக்கால்வாசி நிரம்பியிருந்தாலும் பாதி இருந்தாலும் 13.1, 13.2 என்றே காட்டிக்கொண்டிருக்கும். கடைசியில் திடீரென்று சரியும். வோல்ட்டை மட்டும் பார்த்து 'பாதிக்குக் கீழே' என்று கண்டுபிடிக்கும் கன்ட்ரோலர் இதில் தடுமாறும். உள்ளே வந்த ஆம்பியரையும் வெளியே போனதையும் எண்ணிக் கணக்கு வைக்கும் கன்ட்ரோலர் கிடைத்தால் அதை வாங்குங்கள். இன்னொரு வகை, அன்று பகலில் எவ்வளவு சார்ஜ் வந்தது என்று பார்த்து, இரவுச் செலவைவிடக் குறைவு என்றால் அன்றே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். மழை வாரத்துக்கு அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. என்ன, மங்கலான இரவுகள் கொஞ்சம் அதிகமாக இருக்கும்.

சார்ஜ் உச்சத்தை 14.4 வோல்ட்டில் வையுங்கள். கன்ட்ரோலரில் பேட்டரி வகை சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறதா என்பதைக் கம்பம் ஏற்றும் முன்பே பார்த்துவிடுங்கள். ஈய-அமிலத்துக்கான அமைப்பிலேயே விட்டுவிட்டு மேலே ஏற்றியதால் மறுபடி ஏணி போட்ட கம்பங்கள் எங்களிடம் உண்டு.

மழை முடிந்து ஒரு வாரம் நல்ல வெயில் அடித்தும் விளக்கு சீக்கிரம் அணைகிறது, பேனலும் பெரிதாகத்தான் இருக்கிறது என்றால், பேட்டரிக்குள் இருக்கும் நான்கு செல்களும் சமநிலை தவறியிருக்கலாம். நீண்ட நாள் முழுசாக நிரம்பாததால், ஒரு செல் மட்டும் பின்தங்கி, அது காலியானதும் பாதுகாப்புப் பலகை மொத்தத்தையும் நிறுத்திவிடுகிறது. இரண்டு மூன்று நாள் விளக்கின் ஒயரைக் கழற்றிவிட்டுப் பேனல் மட்டும் சார்ஜ் செய்யட்டும். பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் தேறாவிட்டால் நான்கு செல்களையும் தனித்தனியே அளந்து பார்க்க வேண்டியதுதான்.

## 6. கம்பத்தில் ஏற்றும்போது

பேட்டரிப் பெட்டியைக் கம்பத்தின் அடியில் வைக்காதீர்கள், மண்ணில் புதைக்கவும் வேண்டாம். டெல்டாவில் அந்த இடத்தில்தான் முதலில் தண்ணீர் நிற்கும். மூன்று மீட்டர் உயரத்தில், கம்பத்தின் வடக்குப் பக்கம், பேனலின் முதுகோடு ஒட்டாமல் மாட்டுங்கள். ஒயர் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டுவிட்டு அடிப்பக்கமாக நுழையட்டும், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

காற்றையும் மறக்கக் கூடாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். 75 வாட் பேனல் அரை சதுர மீட்டர் பரப்பு. மணிக்கு 140 கிலோமீட்டர் காற்றை அது முழு முகத்தில் ஏற்றால், கம்பத்தின் உச்சியில் சுமார் 45 கிலோ எடையைக் கட்டிக் கிடைமட்டமாக இழுப்பது போல இருக்கும். பேனல் சட்டத்தை ஒற்றை போல்ட்டில் நிறுத்தாதீர்கள், நான்கு வேண்டும். உப்புக்காற்றுக்குத் துத்தநாகக் குளியல் கொடுத்த கம்பமும், துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும்.

## 7. மழைக்கு முன் ஒரு பரிசோதனை

எல்லாம் மாட்டி முடித்ததும் அடுத்த மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒயரைப் பிடுங்கியும் பரிசோதிக்க முடியாது. பேனலில் வோல்ட் இல்லையென்றால் இரவு என்று நினைத்துக் கன்ட்ரோலர் பகலிலும் விளக்கை எரிக்கும். நாங்கள் கண்டுபிடித்த வழி, நாற்றங்காலுக்குப் போடும் பச்சை நிழல் வலை. 75 சதவீத வலையை ஒரு மடிப்பாகப் பேனல் மேல் கட்டினால் கால் பங்கு வெயில்தான் உள்ளே போகும், இரண்டு மடிப்பு என்றால் அடைமழை நாள்.

புரட்டாசியில் வெயில் அடிக்கும் ஐந்து நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி முழுசாக நிரம்பிய மறுநாள் காலை ஒரு மடிப்பு கட்டுங்கள். இரண்டாம், மூன்றாம் நாள் இரண்டு மடிப்பு. நாலாம், ஐந்தாம் நாள் மறுபடி ஒரு மடிப்பு. ஒவ்வொரு நாளும் விடியற்காலை ஐந்து மணிக்கு விளக்கு எரிகிறதா என்று ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். 512 வாட்-மணி புதுப் பேட்டரியில், கணக்குப்படி ஐந்தாம் நாள் மாலை இருப்பு 240 அளவில் இருக்கும். அது பாதிக்குக் கீழே, ஆகவே அன்று மாலை விளக்கு தானாகவே பாதி வெளிச்சத்தில் எரியத் தொடங்க வேண்டும். மூன்றாம் நாளே மங்கினால் பேட்டரி சொன்ன அளவில் இல்லை, அல்லது விளக்கு கூடுதலாக இழுக்கிறது. ஐந்தாம் நாளும் மங்காமலே எரிந்தால் கன்ட்ரோலரின் விதி வேலை செய்யவில்லை. வலையை அவிழ்த்த பிறகு மூன்று நாளில் பேட்டரி மறுபடி நிரம்பிவிட்டதா என்பதையும் பார்த்துவிட்டு ஏணியை எடுத்துவிடலாம்.